வைன் பாட்டிலில் பச்சை முத்திரை... ருசிக்கு உத்தரவாதமா?

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை பயிரிடுபவர்களுக்குப் 'போர்டோ கலவை' என்பது பழகிய பெயர். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் தண்ணீரில் கரைத்து அடிச்சாம்பல் நோய்க்குத் தெளிப்பார்கள். அந்தப் பெயர் பிரான்ஸின் போர்டோ நகரத்திலிருந்து வந்தது.

1880-களில் அந்த வட்டாரத்தில் உள்ள சேன் ஜூலியன் என்ற ஊரில், சாலையோரக் கொடிகளில் வழிப்போக்கர்கள் பழம் பறித்துத் தின்னாமல் இருக்க, இந்தக் கலவையைத் தெளித்து வைத்திருந்தார்கள். நீலம் பூத்த பழத்தைப் பார்த்தால் யாருக்கும் கை வைக்கத் தோன்றாது அல்லவா? அந்தக் கொடிகளை மட்டும் நோய் தாக்கவில்லை என்பதை மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்தார். ஆராய்ச்சி செய்து 1885-ல் செய்முறையை வெளியிட்டார்.

இன்று அதே போர்டோவிலிருந்து வரும் வைன் பாட்டில்களில் ஆர்கானிக், பயோடைனமிக், சஸ்டெய்னபிள் என்று மூன்று வகை முத்திரைகளைப் பார்க்கலாம். ஐரோப்பாவில் இருக்கும் நம் பிள்ளைகள், விருந்துக்குக் கூப்பிட்ட நண்பர் வீட்டுக்கு ஒரு பாட்டில் வாங்கப் போனால், அலமாரி முன் குழம்பி நிற்பது இங்கேதான். 'மருந்து அடிக்காதது, உடம்புக்கு நல்லது, ருசியும் கூடுதலாக இருக்கும்' என்று நினைத்து எடுத்துவிடுகிறார்கள். ஆனால், முத்திரை சொல்வது வேறு.

ஆர்கானிக்: தெளிப்பது உண்டு, எதைத் தெளிப்பது என்பதுதான் விதி

ஐரோப்பிய ஆர்கானிக் முத்திரையை அடையாளம் காண்பது எளிது. பச்சைப் பின்னணியில், வெள்ளை நட்சத்திரங்களால் வரைந்த இலை. ரசாயனப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, செயற்கை உரம் எதுவும் தோட்டத்தில் போடக்கூடாது. இந்த முறைக்கு மாறிய தோட்டம் மூன்று ஆண்டுகள் காத்திருந்த பிறகுதான் முத்திரை கிடைக்கும்.

ஆனால், போர்டோ கலவைக்கு அனுமதி உண்டு. அதில் இருக்கும் செம்பு மண்ணில் சேர்ந்துகொண்டே போகும் என்பதால் அளவு வைத்திருக்கிறார்கள். ஒரு ஹெக்டேருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு, ஏழு ஆண்டுகளில் மொத்தம் 28 கிலோ செம்பு. ஆண்டுக்குச் சராசரி 4 கிலோ. எனவே 'ஆர்கானிக் என்றால் மருந்தே அடிக்காதது' என்பது சரியல்ல.

2012-க்கு முன்பு ஐரோப்பாவில் 'ஆர்கானிக் திராட்சையில் செய்த வைன்' என்றுதான் எழுத முடியும். தோட்டத்துக்கு விதி இருந்தது, வைன் செய்யும் கூடத்துக்கு இல்லை. அந்த ஆண்டில்தான் கூடத்துக்கும் விதி வந்தது. அதில் முக்கியமானது சல்ஃபைட். வைன் கெடாமல் இருக்கச் சேர்க்கும் கந்தகப் பொருள் இது. இனிப்பில்லாத சிவப்பு வைனில் ஒரு லிட்டருக்குச் சாதாரணமாக 150 மில்லிகிராம் வரை இருக்கலாம். ஆர்கானிக் என்றால் 100. ஆக, குறைவு உண்டு, பூஜ்ஜியம் இல்லை. அமெரிக்காவில் விதி இன்னும் கடுமை. அங்கே 'ஆர்கானிக் வைன்' என்று எழுத வேண்டுமானால் சல்ஃபைட் சேர்க்கவே கூடாது. ஒரே சொல்லுக்கு இரண்டு நாட்டில் இரண்டு பொருள்.

ருசியை மாற்றும் பல வேலைகளை ஆர்கானிக் விதி தொடுவதே இல்லை. கடையில் வாங்கிய ஈஸ்ட் போடலாம். ஓக் மரச் சில்லுகளை ஊறவைத்து மர வாசனை ஏற்றலாம். ஒரே முத்திரை உள்ள இரண்டு பாட்டில்கள் ருசியில் துளியும் ஒத்துப்போகாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சாராய அளவும் அதேதான். 13, 14 சதவீத ஆல்கஹால் உடம்புக்குச் செய்யும் கெடுதலை எந்த இலை முத்திரையும் குறைக்காது.

பயோடைனமிக்: பசுக்கொம்பும் பஞ்சாங்கமும்

1924-ல் ருடால்ஃப் ஸ்டைனர் என்ற ஆஸ்திரியச் சிந்தனையாளர் விவசாயிகளுக்கு ஆற்றிய தொடர் உரைகளிலிருந்து பிறந்தது இந்த முறை. ஆர்கானிக் விதிகள் எல்லாம் இதற்கும் பொருந்தும். அதற்கு மேல் சில கூடுதல் கடமைகள் உண்டு. பசுக்கொம்புக்குள் சாணத்தை அடைத்து, குளிர்காலம் முழுக்க மண்ணில் புதைத்து வைக்கிறார்கள். வசந்தத்தில் எடுத்து, ஹெக்டேருக்கு 100 கிராம் போலத் தண்ணீரில் போட்டு, ஒரு மணி நேரம் இடமும் வலமுமாகச் சுழற்றிக் கலக்கித் தெளிக்கிறார்கள். நம் ஊர் இயற்கை விவசாயிகள் கொம்பு சாண உரம் என்று சொல்வது இதைத்தான். நிலவின் நகர்வை வைத்துக் கனி நாள், பூ நாள், இலை நாள், வேர் நாள் என்று ஒரு பஞ்சாங்கமும் உண்டு.

'டிமீட்டர்' என்பது இதன் பழைய முத்திரை. இதில் செம்பு அளவும் ஆண்டுக்குச் சராசரி 3 கிலோதான். 'பயோடிவேன்' என்ற முத்திரை வைனுக்கு மட்டுமானது. கொம்பு சாணத்தால் மண்ணுக்கும் பழத்துக்கும் தனியாக என்ன கிடைக்கிறது என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. இதைக் கடைப்பிடிப்பவர் தோட்டத்தில் தினமும் கொடிகளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை.

இந்த முத்திரையின் விலை என்ன என்பதை ஒரு தோட்டத்தின் கதையில் பார்க்கலாம். சேன் ஜூலியனுக்குப் பக்கத்து ஊரான போயாக்கில் இருக்கிறது ஷதோ போன்தே-கானே. சுமார் 80 ஹெக்டேர் கொண்ட, 1855-ம் ஆண்டுத் தரவரிசையில் இடம்பெற்ற பெரிய தோட்டம். அதன் உரிமையாளர் ஆல்ஃபிரெட் தெஸ்ரோன் 2004-ல் பயோடைனமிக் முறையைத் தொடங்கினார். 2007-ல் விடாத மழை. அடிச்சாம்பல் நோய் பரவியது.

இங்கேதான் செம்பின் பலவீனம் தெரியும். அது இலையின் மேல் படிந்திருக்கும், உள்ளே போகாது. பலத்த மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். புதிதாக விட்ட இலைக்கும் பாதுகாப்பு இல்லை. ஊடுருவிப் பாயும் ரசாயன மருந்து அப்படியில்லை, இலைக்குள்ளேயே தங்கும். விளைச்சல் மொத்தமும் போய்விடுமோ என்ற பயத்தில் தெஸ்ரோன் ரசாயன மருந்தை அடித்தார். பயிர் தப்பியது, ஆனால் சான்றிதழுக்கான கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. 2010-ல்தான் சான்று கைக்கு வந்தது.

2018-ல் மீண்டும் அதே சோதனை. இந்த முறை அவர் ரசாயனத்தைத் தொடவில்லை. வழக்கமான விளைச்சலில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது.

மிஞ்சியதில் செய்த வைனை விமர்சகர்கள் பெரிதும் பாராட்டினார்கள். 'பார்த்தீர்களா, பயோடைனமிக் ருசி!' என்று சொல்லத் தோன்றும். ஆனால், அந்த ஆண்டு மழைக்குப் பிறகு நல்ல வெயில் காய்ந்தது. ரசாயனம் அடித்த அக்கம்பக்கத்துத் தோட்டங்களின் 2018 வைனும் சேர்ந்துதான் பாராட்டு வாங்கியது. அதேபோல 2007, அந்த வட்டாரம் முழுவதற்குமே சுமாரான ஆண்டு. முத்திரையைவிட, பாட்டிலில் போட்டிருக்கும் ஆண்டு ருசியைப் பற்றி அதிகம் சொல்கிறது.

சஸ்டெய்னபிள்: அகலம் அதிகம், ஆழம் குறைவு

நீடித்த வேளாண்மை என்று நாம் சொல்வதுதான் இது. பிரான்ஸில் 'எச்.வி.ஈ.' என்ற முத்திரை பரவலாக இருக்கிறது. பல்லுயிர் பாதுகாப்பு, பயிர் மருந்து, உரம், தண்ணீர் என்று நான்கு தலைப்புகளில் பண்ணைக்கு மதிப்பெண் போடுகிறார்கள். ஆர்கானிக் விதிகள் கேட்காத தண்ணீர்க் கணக்கை இது கேட்கிறது, அது நல்ல விஷயம். ஆனால், செயற்கைப் பூச்சிக்கொல்லியை முழுவதுமாகத் தடுப்பதில்லை. அளவைக் குறைத்தால் மதிப்பெண் கூடும், அவ்வளவுதான்.

இந்தச் சொல்லுக்கு நாடு தோறும் வேறு வேறு விதி. நியூசிலாந்தில் திராட்சைத் தோட்டப் பரப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் 'சஸ்டெய்னபிள்' சான்று பெற்றதுதான். கிட்டத்தட்ட எல்லோருக்கும் கிடைக்கிற முத்திரை ஒரு பாட்டிலை இன்னொன்றிலிருந்து பிரித்துக்காட்டாது. முத்திரையே இல்லாமல் 'சூழலுக்கு உகந்தது' என்று மட்டும் எழுதியிருந்தால், அதைச் சரிபார்த்த அமைப்பின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள்.

நாக்கு என்ன சொல்கிறது?

கலிஃபோர்னியாவில் செய்த 74,000-க்கும் மேற்பட்ட வைன்களுக்கு மூன்று வைன் பத்திரிகைகள் தந்த மதிப்பெண்களை எடுத்து ஆராய்ந்த ஒரு ஆய்வு 2016-ல் வெளியானது. ஆய்வாளர்கள் 100-க்கு மாற்றியமைத்த கணக்கில், ஆர்கானிக் அல்லது பயோடைனமிக் சான்று பெற்றவை சராசரியாக நான்கு புள்ளிகள் கூடுதலாக வாங்கியிருந்தன. ஆனால், இதைச் சராசரியாக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். செலவுக்கு அஞ்சாத, கவனமான உற்பத்தியாளர்களே சான்று வாங்க முன்வருகிறார்கள் என்றால், ருசி முத்திரையால் வந்ததா, அந்தக் கவனத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் கையில் இருக்கும் ஒரு பாட்டிலைப் பற்றிச் சராசரி எதுவும் சொல்வதில்லை.

'கனி நாளில் குடித்தால் வைன் ருசிக்கும், வேர் நாளில் ருசிக்காது' என்ற நம்பிக்கையையும் சோதித்திருக்கிறார்கள். நியூசிலாந்தில் 19 வைன் தொழில்முறையாளர்களுக்கு 12 பினோ நுவார் வைன்களைப் பெயரை மறைத்து, இரண்டு வகை நாட்களிலும் கொடுத்தார்கள். நாளுக்கும் ருசிக்கும் தொடர்பு இல்லை என்று 2017-ல் வெளியான முடிவு சொன்னது.

நண்பர்கள் கூடும்போது நீங்களே சோதிக்கலாம். ஒரே ஊர், ஒரே திராட்சை ரகம், ஒரே ஆண்டு, ஏறக்குறைய ஒரே விலையில் ஆர்கானிக் ஒன்றும் சாதாரணம் ஒன்றும் எடுங்கள். மூன்று கண்ணாடிக் கோப்பைகளில், இரண்டில் ஒரு வைன், மூன்றாவதில் மற்றது. யார் எதை ஊற்றினார்கள் என்று சுவைப்பவருக்குத் தெரியக்கூடாது. எது தனி என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்ணை மூடிச் சொன்னாலே மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும் என்பதால் ஒருமுறை செய்து முடிவுக்கு வராதீர்கள். ஆளுக்கு ஒரு வாய் சுவைத்தால் போதும். வித்தியாசம் தெரிந்தாலும், அது அந்த இரண்டு தோட்டங்களின் வித்தியாசமாகவே இருக்கலாம்.

கடையில் முதலில் ரகம், ஊர், ஆண்டு, செய்தவர் பெயர் ஆகியவற்றைப் பாருங்கள். ருசியைச் சொல்பவை அவைதான். செயற்கை மருந்து வேண்டாம் என்றால் இலை முத்திரை அல்லது டிமீட்டரைத் தேடுங்கள். சல்ஃபைட் ஒத்துக்கொள்ளாதவர்கள் முத்திரையை நம்பாமல் 'சல்ஃபைட் கொண்டது' என்ற வரி இருக்கிறதா என்று படியுங்கள். ஆர்கானிக் பாட்டிலிலும் அந்த வரி பெரும்பாலும் இருக்கும்.