பெயரைத் தவறாக அச்சடித்தால் திருப்பித் தர முடியாதா?

நேயர் ஒருவரின் கேள்வி இது. திருமணத்திற்கு 300 தாம்பூலப் பைகள் ஆர்டர் கொடுத்தார்கள். மணமகள் பெயர் 'கயல்விழி'. அச்சாகி வந்ததோ 'கயல்வழி'. கடைக்காரர் ரசீதைக் காட்டுகிறார்: "பெயர் அச்சிட்ட பொருள் திரும்பப் பெறப்படாது."

அந்த வரி, வாங்கிய பிறகு மனம் மாறுகிறவர்களுக்குத்தான். நம் நாட்டின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், 34ஆம் பிரிவில், விவரம் சொல்லி வாங்கிய பொருள் அந்த விவரப்படியே இருக்க வேண்டும் என்கிறது. ரசீதில் எதை அச்சடித்தாலும் இந்த உரிமை போகாது என்கிறது 6ஆம் பிரிவு.

ஆனால் பிழை யாருடையது? வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய எழுத்து சரியென்றால் நியாயம் உங்கள் பக்கம். கடை காட்டிய மாதிரியிலேயே 'வழி' என்றிருந்து, பார்க்காமல் 'ஓகே' போட்டிருந்தால் வாதம் தளர்ந்துவிடும். ஆகவே அந்த உரையாடலை அழிக்காதீர்கள். பைகளை விருந்தினருக்குக் கொடுத்துவிட்டு முழுப் பணத்தையும் கேட்பதும் எடுபடாது. பிரித்தவுடன் படமெடுத்து, மறு அச்சு அல்லது பணம் வேண்டுமென்று, தேதி குறித்து, எழுத்தில் கேளுங்கள்.

மறுத்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும்.