தொப்பையைத் தொடையால் வகுத்தால்

உடற்கொழுப்பை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்து வருபவர்கள் பலரும் அறிக்கையில் முதலில் தேடுவது மொத்தக் கொழுப்புச் சதவீதத்தைத்தான். அதற்குக் கீழே A/G Ratio என்ற தலைப்பில் 0.85, 1.20 என்பதுபோல ஒரு சிறிய எண் இருக்கும். ஆண்ட்ராய்டு பகுதியின் கொழுப்பைக் கைனாய்டு பகுதியின் கொழுப்பால் வகுத்தால் வரும் விடை அது. முன்னது வயிற்றுச் சுற்று. பின்னது பிட்டமும் மேல்தொடையும்.

இந்த எல்லைகளைக் கருவி எப்படி வகுக்கிறது என்று பார்த்தால் எண்ணின் பாதி ரகசியம் புரிந்துவிடும். பரவலாகப் பயன்படும் ஒரு கருவியில், இடுப்பெலும்பின் மேல் விளிம்பையொட்டி ஒரு கோடு விழும். அங்கிருந்து கழுத்துக் கோடு வரையிலான தூரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆண்ட்ராய்டு பகுதியின் உயரம். அந்தத் தூரம் 50 செ.மீ. என்றால், இடுப்புக் கோட்டுக்கு மேலே 10 செ.மீ. உயரப் பட்டை. கைனாய்டு பகுதி அதே கோட்டுக்கு 15 செ.மீ. கீழே தொடங்கி 20 செ.மீ. இறங்கும். ஆக எல்லாமே அந்த இடுப்புக் கோட்டைப் பிடித்துத்தான் தொங்குகின்றன. படுத்திருப்பவர் சற்றுக் கோணலாகப் படுத்தாலோ, ஸ்கேன் எடுப்பவர் கோட்டை விரற்கடை மேலே நகர்த்தினாலோ எண்ணும் நகரும். வேறொரு நிறுவனத்தின் கருவியில் எடுத்த பழைய அறிக்கையோடு புதியதை ஒப்பிடுவது வீண்வேலை என்பதும் இதனால்தான்.

வகுக்கப்படுவது கிலோ அல்ல, சதவீதம். 45 வயது ஆண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய வயிற்றுப் பட்டையில் இருக்கும் திசுவில் 36 சதவீதம் கொழுப்பு. தொடைப் பகுதியில் 30 சதவீதம். விகிதம் 1.20. அதாவது, அவர் உடல் கொழுப்பைக் கீழே வைப்பதைவிட வயிற்றில் அடர்த்தியாகச் சேர்க்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வரை தொடையிலும் பிட்டத்திலும்தான் அதிகம் சேர்வதால் விகிதம் பெரும்பாலும் 1-க்குக் கீழே இருக்கும். பிறகு மெல்ல மேலேறும். ஆணுக்கு 1.0, பெண்ணுக்கு 0.8 என்று ஸ்கேன் மையங்கள் சொல்லும் வரம்பை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். நோயைத் தீர்மானிக்கும் கோடு அது இல்லை.

கொழுப்பின் அளவைவிட அது உட்கார்ந்திருக்கும் இடம் முக்கியம் என்பதை முதலில் அழுத்திச் சொன்னவர் பிரான்சின் மார்செய் நகர மருத்துவர் ழான் வாக். 1947-இல் உடல் பருமனை இந்த இரு வகையாகப் பிரித்தார். 1956-இல் வயிற்று வகையை நீரிழிவு, இரத்தக்குழாய் தடிப்பு, மூட்டுவாதமான கௌட் ஆகியவற்றோடு இணைத்து எழுதினார். குடலைச் சுற்றிய கொழுப்பிலிருந்து வெளியேறும் கொழுப்பு அமிலங்கள் கல்லீரலுக்குப் போகும் பெரிய நாளத்தில் நேரே கலக்கின்றன. தொடைக் கொழுப்பு அப்படியில்லை. கிடைத்ததை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும், எளிதில் விடாது.

இப்போது அதே மனிதர் ஆறு மாதம் உணவைக் குறைத்து மறுபடி ஸ்கேன் எடுக்கிறார். வயிற்றில் 30, தொடையில் 25 சதவீதம். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் விகிதம்? அதே 1.20. மேலும் கீழும் ஒரே வீதத்தில் குறைந்ததால் விடை அசையவே இல்லை.

இதைவிட வேடிக்கையான நிலையும் உண்டு. உணவைக் குறைப்பதற்குப் பதிலாக அவர் ஜிம்முக்குப் போய் கால்களுக்குப் பளு தூக்கினார் என்று வையுங்கள். தொடைப் பகுதியில் 10 கிலோ திசு, அதில் 3 கிலோ கொழுப்பு இருந்தது. இப்போது தசை அரை கிலோ கூடியிருக்கிறது. கொழுப்பு அதே 3 கிலோ. சதவீதம் 30-இலிருந்து 28.6 ஆகிறது. வயிற்றில் 36, 35 ஆகிவிட்டது. 35-ஐ 28.6-ஆல் வகுத்தால் 1.22. வயிறு குறைந்தது, கால் வலுத்தது, விகிதமோ ‘மோசமாகி’விட்டது! விகிதத்தை மட்டும் பார்த்து மனம் உடைபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அந்த எண்ணை மூடிவிட்டு, அது பிறந்த இரண்டு சதவீதங்களையும் முந்தைய அறிக்கையோடு ஒப்பிடுங்கள்.

இன்னொன்றும் இந்த எண்ணுக்குத் தெரியாது. வயிற்றுப் பட்டையில் கையால் கிள்ளிப் பிடிக்கக்கூடிய தோலடிக் கொழுப்பும் உண்டு, குடலைச் சூழ்ந்த உட்கொழுப்பும் உண்டு. இரண்டையும் சேர்த்தே அது எண்ணுகிறது. தொந்தரவு அதிகம் தருவது உட்கொழுப்பு. சில கருவிகள் அதைத் தனியாக மதிப்பிட்டு VAT என்று அச்சிடும். அதுவும் கணக்குப் போட்டு ஊகித்ததுதான், நேரில் பிரித்துப் பார்த்ததல்ல. விகிதம் 1-ஐத் தாண்டியிருந்து VAT வரியும் உயர்ந்திருந்தால், வெறும் வயிற்றுச் சர்க்கரை, டிரைகிளிசரைடு, கல்லீரல் நொதிகள், இரத்த அழுத்தம் ஆகியவற்றைச் சோதித்துக்கொண்டு மருத்துவரிடம் போவதே அடுத்த வேலை.