வட்டிச் சான்றிதழும் மாத அறிக்கையும்

வீட்டுக்கடன் வாங்கியவருக்கு வங்கி ஆண்டுக்கு ஒருமுறை தரும் வட்டிச் சான்றிதழில் முக்கியமான எண்கள் இரண்டுதான். ஒன்று அந்த நிதியாண்டின் வட்டி, மற்றது அடைத்த அசல். பழைய வரி முறையில் கணக்குக் கொடுப்பவருக்கு, 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் இரண்டுக்கும் தனித்தனியாகக் கழிவு தந்தது. சொந்தக் குடியிருப்பு வீட்டின் வட்டிக்குப் பிரிவு 24(பி)யில் 2 லட்சம் ரூபாய் வரை கழிவு இருந்தது. அசலுக்குப் பிரிவு 80சியில், வருங்கால வைப்பு நிதி, காப்பீடு போன்றவற்றோடு சேர்த்து 1.5 லட்சம் வரை இருந்தது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்குக் குடியிருக்கும் வீட்டுக்கு இவ்விரண்டும் கிடையாது.

சரிபார்ப்பைத் தொடங்கும் முன் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. பெரும்பாலான குழப்பங்களுக்கு வேர் அதுதான். வட்டிக்கான பிரிவு, அந்த ஆண்டுக்குச் செலுத்த வேண்டிய வட்டியைக் கணக்கில் எடுக்கிறது. பணம் கைமாறியதா என்று பார்ப்பதில்லை. அசலுக்கான பிரிவோ உண்மையில் கட்டிய தொகையை மட்டுமே ஏற்கிறது. தவணைகள் எல்லாம் நாள் தவறாமல் போயிருந்தால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. ஒரே ஒரு தவணை தவறினாலும் இரண்டு எண்களும் வெவ்வேறு வழியில் மாறும்.

சான்றிதழிலும் இரண்டு வகை உண்டு. டிசம்பர், ஜனவரியில் அலுவலகத்தில் கொடுப்பதற்காக வாங்குவது தற்காலிகச் சான்றிதழ். மார்ச் வரை எல்லாத் தவணையும் ஒழுங்காக வரும், இடையில் கூடுதலாக எதுவும் கட்டப்படாது என்ற அனுமானத்தில் அது தயாராகிறது. ஏப்ரலுக்குப் பிறகு கிடைப்பதே இறுதிச் சான்றிதழ். வரிக் கணக்குத் தாக்கலுக்குப் பின்னதுதான் ஆதாரம். ஆனால் அலுவலகத்தில் கொடுத்த எண்ணையே அப்படியே தாக்கலுக்கும் எடுத்துவிடுவது பரவலாக நடக்கும் தவறு.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். 2024 ஏப்ரல் 1 அன்று கடன் நிலுவை 20,00,000 ரூபாய். வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம், அதாவது மாதம் 0.75 சதவீதம். மாதத் தவணை 20,000. ஒவ்வொரு மாதக் கடைசி நாளிலும் வட்டி பற்று வைக்கப்படுகிறது, அன்றே தவணையும் வரவாகிறது என்று கொள்வோம். முதல் மாதம் வட்டி 15,000, அசலுக்குப் போவது 5,000. அடுத்த மாதம் நிலுவை குறைந்ததால் வட்டி 14,962.50 ஆகிறது. இப்படியே ஓடினால் ஆண்டு முழுவதற்கும் வட்டி 1,77,462, அசல் 62,538. தற்காலிகச் சான்றிதழில் இருப்பது இந்த எண்களே.

உண்மையில் அந்த ஆண்டு இரண்டு விஷயங்கள் நடந்தன. டிசம்பர் 31 அன்று கடன்காரர் கையில் இருந்த 50,000 ரூபாயைக் கூடுதலாக அசலில் கட்டினார். மார்ச் 31 தவணைக்குச் சேமிப்புக் கணக்கில் போதிய பணம் இல்லாமல் ஆட்டோ டெபிட் திரும்பிவிட்டது. அதற்குக் கட்டணமாக 500 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 590 ரூபாயை வங்கி கடன் கணக்கில் பற்று வைத்தது. தவணைப் பணம் ஏப்ரல் 4 அன்றுதான் போய்ச் சேர்ந்தது.

இப்போது மாத அறிக்கையை எடுத்து, வட்டி என்று குறிக்கப்பட்ட பற்றுகளை மட்டும் கூட்ட வேண்டும். ஏப்ரல் முதல் டிசம்பர் வரை 1,33,626. கூடுதல் தொகை கட்டியதால் ஜனவரி வட்டி 14,277 ஆகவும், பிப்ரவரி 14,234 ஆகவும், மார்ச் 14,191 ஆகவும் குறைந்திருக்கும். மொத்தம், பைசாவை முழுமையாக்கினால், 1,76,329. தற்காலிக எண்ணைவிட 1,133 ரூபாய் குறைவு. மார்ச் தவணை திரும்பியிருந்தாலும் அந்த மாத வட்டி பற்று வைக்கப்பட்டுவிட்டதால், அது இந்த ஆண்டின் வட்டியே.

அசலை வேறு வழியில் காண வேண்டும். ஆண்டுக்குள் உண்மையில் வந்து சேர்ந்தவை 11 தவணைகளும் கூடுதல் தொகையும், ஆக 2,70,000 ரூபாய். இதில் பிப்ரவரி வரையிலான வட்டிக்குப் போனது 1,62,138. மீதி 1,07,862 அசல். தற்காலிகச் சான்றிதழ் காட்டிய 62,538ஐவிட இது 45,324 ரூபாய் அதிகம். 80சி வரம்பில் இடம் இருந்து, 20 சதவீத அடுக்கில் வரி கட்டுபவர் பழைய எண்ணையே எழுதினால், கூடுதல் வரியுடன் ஏறத்தாழ 9,400 ரூபாயை வீணாக இழப்பார். இடையில் பெரிய தொகை கட்டியவர்கள் இந்தப் பகுதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கூட்டல் சரியா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. தொடக்க நிலுவையோடு வட்டியையும் பிற கட்டணங்களையும் கூட்டி, வந்த பணத்தைக் கழித்தால் இறுதி நிலுவை வர வேண்டும். இங்கே 20,00,000 + 1,76,329 + 590 − 2,70,000 = 19,06,919. மார்ச் 31 அன்று அறிக்கை காட்டும் நிலுவை இதுவானால் எதுவும் விடுபடவில்லை.

இந்தச் சோதனையை அசலைக் கண்டுபிடிக்கும் குறுக்குவழியாக எடுத்துக்கொள்வதில் ஆபத்து இருக்கிறது. தொடக்க நிலுவையிலிருந்து இறுதி நிலுவையைக் கழித்தால் 93,081தான் வரும். கட்டிய அசலோ 1,07,862. இடையில் உள்ள 14,781 ரூபாய், கட்டாமல் நின்ற மார்ச் வட்டியும் 590 ரூபாய்க் கட்டணமும் சேர்ந்தது. தவணை தவறாத ஆண்டில் குறுக்குவழி சரியான விடையைத் தந்துவிடுவதால், பிழை நேரும் ஆண்டிலும் அதையே நம்பத் தோன்றும்.

திரும்பிய தவணை அறிக்கையில் பெரும்பாலும் இரண்டு வரிகளாக நிற்கும்: 20,000 வரவு, பிறகு அதே 20,000 பற்று. வரவுகளை மட்டும் கூட்டுபவர் கட்டாத தவணையையும் கட்டியதாக எண்ணிவிடுவார். ஆகவே இரண்டு வரிகளையும் ஒன்றாக அடித்துவிட்டே கூட்ட வேண்டும்.

இறுதிச் சான்றிதழ் வந்ததும் அதன் எண்களை இவற்றோடு ஒப்பிட வேண்டும். வேறுபாட்டின் அளவே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். வட்டி 1,76,919 என்று இருந்தால் கூடுதலான 590, தவறாகச் சேர்ந்த கட்டணம்; அது வட்டி ஆகாது. வட்டி 1,62,138 என்று இருந்தால், வசூலான வட்டியை மட்டும் வங்கி எழுதியிருக்கிறது. குறைவது சரியாக மார்ச் மாத வட்டியான 14,191 என்பதே அதற்கு அடையாளம். சொந்த வீட்டுக்கான 2 லட்சம் வரம்புக்குச் சட்டம் கேட்பது செலுத்த வேண்டிய வட்டியைக் காட்டும் சான்றிதழ் என்பதால், மாத அறிக்கையின் நகலோடு வங்கியில் எழுதிக் கேட்டுத் திருத்திய சான்றிதழைப் பெறுவதே நல்லது. கட்டுமானம் முடியாத வீடாக இருந்தால் அந்த ஆண்டின் வட்டி முழுவதையும் அப்போது கழிக்க முடியாது; வீடு முடிந்த ஆண்டு தொடங்கி ஐந்து சம பங்குகளாகவே கழிக்கலாம். கூட்டுக் கடனில் சான்றிதழ் இருவர் பெயரையும் ஒரே தொகையோடு காட்டலாம். அதில் தம் பங்கை மட்டுமே ஒவ்வொருவரும் எழுத முடியும்.

ஏப்ரல் 4 அன்று வந்த 20,000 ரூபாயைத் தனியே குறித்துவைக்க வேண்டும். அதில் 14,191 ரூபாய் வட்டி முந்தைய ஆண்டிலேயே கணக்கில் ஏறிவிட்டது. வசூலான வட்டியை எழுதும் வங்கியானால், அடுத்த ஆண்டின் சான்றிதழில் அதே தொகை மறுபடியும் இடம்பெறும். அப்போது அதைக் கழித்துவிட்டே வட்டியை எழுத வேண்டும். அந்தத் தவணையில் மீதமான 5,809 ரூபாய் அசல் மட்டும் புதிய ஆண்டின் 80சி கணக்கில் சேரும்.