ஒரே நோயாளி, இரண்டு எண்கள்

சர்க்கரை நோயாளிகள் வருஷத்துக்கு ஒருமுறையாவது விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். யார் இன்னும் பரிசோதிக்கவில்லை என்று அறிய, மருத்துவமனையில் நீரிழிவுப் பிரிவின் பட்டியலையும் கண் பிரிவின் பட்டியலையும் பதிவு எண்ணை வைத்து ஒப்பிடுவார்கள். விடுபட்டவர்களுக்கு நர்ஸ் போன் செய்வார். சிலரிடமிருந்து வரும் பதில், "போன மாசமே கண்ணு காட்டியாச்சே சிஸ்டர், ஆபரேஷன்கூட ஆயிடுச்சு!"

அவர் சொல்வது உண்மைதான். கண் பிரிவில் அவருக்கு வேறொரு எண் இருக்கிறது. கண் முகாமிலிருந்து வேனில் வந்து இறங்கியவர்களுக்கு அவசர அவசரமாகப் பதிவு போடும்போது, பழைய சீட்டு கையில் இல்லை என்றால் புது எண் விழுந்துவிடுகிறது. கவுன்ட்டரில் தேடிப் பார்த்தாலும் சிக்காது. ஒரு பட்டியலில் Lakshmi K என்றும், இன்னொன்றில் K Laxmi என்றும் இருக்கும். பிறந்த தேதி தெரியாது, வயதைத்தான் சொல்வார்கள். பல மென்பொருள்கள் அந்த வயதிலிருந்து ஆண்டைக் கணக்கிட்டு ஜனவரி 1 என்று போட்டுக்கொள்ளும். அன்று 52 என்றவர் அடுத்த முறை 50 என்றால், இரண்டு பிறந்த ஆண்டுகள் ஆகிவிடும்.

இதில் என்ன ஆபத்து? நீரிழிவுப் பிரிவின் பதிவில் 'பெனிசிலின் ஒவ்வாமை' என்று இருக்கிறது. கண் பிரிவு திறந்து பார்க்கும் பதிவில் அந்த வரி இல்லை.

அப்படியானால் ஒத்துப்போகிற பெயர்களையெல்லாம் உடனே இணைத்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும். இரட்டைப் பதிவில் ஒருவருடைய தகவல் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. தவறாக இணைத்தாலோ இரண்டு பேருடைய ரத்த வகையும் மருந்தும் ஒரே பதிவில் கலந்துவிடும். பிறகு எது யாருடையது என்று பிரிப்பது பெரும்பாடு. அதனால், பட்டியலைப் பார்த்த நர்ஸ் மருத்துவப் பதிவேட்டு அலுவலருக்கு எழுதும் கடிதம் இப்படி இருப்பது நல்லது:

"மதிப்பிற்குரிய அம்மா, இரண்டு பிரிவுகளின் பட்டியலையும் ஒப்பிட்டதில், ஒரே நோயாளிக்கு இரு எண்கள் இருக்கலாம் என்று தோன்றும் ஜோடிகளை இணைத்துள்ளேன். நான் எதையும் மாற்றவில்லை. பெயரின் ஒலி, பாலினம், இரண்டு வருஷ வித்தியாசத்துக்குள் பிறந்த ஆண்டு ஆகியவை ஒத்துப்போனால் அதைச் சந்தேகப் பட்டியலில் மட்டும் சேர்க்கலாம். அடையாள அட்டை ஒத்துப்போக வேண்டும், அல்லது நோயாளியே நேரில் வந்து இரு சீட்டுகளும் தன்னுடையவை என்று சொல்ல வேண்டும். அதன் பிறகே இணைக்கலாம். செல்போன் எண்ணைச் சான்றாக எடுக்க வேண்டாம். ரத்த வகை மாறினாலோ, ஒரே நாளில் இரு வார்டுகளில் அனுமதி இருந்தாலோ இணைப்பை நிறுத்திவிட்டு விசாரிக்க வேண்டுகிறேன்."

செல்போனை ஏன் ஒதுக்க வேண்டும்? வீட்டில் மகனுடைய போன் ஒன்றுதான். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் அதே எண்ணைக் கொடுத்திருப்பார். அம்மா லட்சுமி, பெரியம்மா விஜயலட்சுமி. கூடப்பிறந்தவர்கள் என்பதால் அப்பாவின் இனிஷியலும் ஒன்றே. கவுன்ட்டரில் பெரியம்மாவும் "லட்சுமி" என்றே சொல்லியிருந்தால், பெயர், இனிஷியல், போன், ஏறக்குறைய வயதுகூட ஒன்றாகிவிடும். ஒரு பதிவில் பி பாசிட்டிவ், மற்றதில் ஓ பாசிட்டிவ் என்பதுதான் அங்கே காப்பாற்றும். ஆனால் ரத்த வகை ஒன்றாக இருந்தால் அது சான்றாகாது. ஓ பாசிட்டிவ் உள்ளவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள்.

இணைப்பது என்று முடிவான பிறகும் முறை உண்டு. பழைய எண்ணை வைத்துக்கொண்டு புதியதை ஓய்வு கொடுக்கலாம். ஆனால் அழிக்கக் கூடாது, வேறு யாருக்கும் கொடுக்கவும் கூடாது. அந்த எண்ணைத் தட்டினால் பழைய பதிவு திறக்க வேண்டும், ஏனென்றால் அது நோயாளியின் கையிலுள்ள சீட்டில் அச்சாகியிருக்கிறது. ஒரு பதிவில் 'ஒவ்வாமை இல்லை', மற்றதில் 'பெனிசிலின்' என்று இருந்தால், மருத்துவர் விசாரித்து நீக்கும்வரை பெனிசிலின் என்பதே நிற்க வேண்டும். மருந்துப் பட்டியலையும் மருத்துவரே பார்த்துச் சரிசெய்ய வேண்டும். ஒருவர் பரிந்துரைக்க, இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். யார், எப்போது, எந்தச் சான்றை வைத்து இணைத்தார்கள் என்பது பதிவாகியிருந்தால்தான் தவறு தெரிந்த அன்று பிரிக்க முடியும்.

நோயாளி வார்டில் படுத்திருக்கும்போது மட்டும் எண்ணைத் தொடவே கூடாது. கைப்பட்டையிலும், ரத்த வங்கிக்குப் போன மாதிரிக் குழாயிலும் பழைய எண்தான் ஒட்டியிருக்கும். நடுவில் எண் மாறினால் ரத்தம் ஏற்றும் முன் செய்யும் சரிபார்ப்பில் இரண்டும் பொருந்தாது. டிஸ்சார்ஜ் ஆன பிறகு, ஆய்வகத்துக்கும் ஸ்கேன் பிரிவுக்கும் தகவல் சொல்லி, காகிதக் கோப்புகளையும் ஒன்றாகக் கட்டி வைக்க வேண்டும்.

இந்த விதிக்கும் சிக்காதவர்கள் உண்டு. கல்யாணத்துக்குப் பின் இனிஷியல் மாறி, ஊரும் மாறி, வீட்டில் அழைக்கும் பெயரையே கவுன்ட்டரில் சொன்னவரை எந்த ஒப்பீடும் பிடிக்காது. "இதுக்கு முன்னாடி இங்க காட்டியிருக்கீங்களா, அப்ப என்ன பேரு குடுத்தீங்க?" என்று பதிவு போடும்போதே கேட்டால்தான் அவருடைய பழைய பதிவு கிடைக்கும்.