கீழ் விளிம்பைக் காட்டுங்க சார்

என் தங்கை சென்னையில் வாடகை வீடு மாறியபோது பழைய அலமாரி ஒன்றைத் தேடினாள். மூன்று கதவு, "தேக்கு, புதுசு மாதிரி", 9,000 ரூபாய் என்றொரு விளம்பரம் கண்ணில் பட்டது. இரண்டு படங்கள் இருந்தன. இரண்டுமே முன்பக்கம் எதிரே நின்று எடுத்தவை. ஜன்னல் வெளிச்சத்தில் கதவு பளபளத்தது. "முன்பணம் அனுப்பட்டுமா?" என்று கேட்டாள். கொஞ்சம் பொறு என்றேன்.

"இன்னும் சில போட்டோ அனுப்புங்க" என்று பொதுவாகக் கேட்டால், அதே முகப்பு இன்னும் நான்கு கோணத்தில் வந்து சேரும். "ஏதாவது குறை இருக்கா?" என்றால் "ஒண்ணும் இல்லைங்க" என்பார்கள். எல்லாரும் பொய் சொல்வதாக அர்த்தமில்லை. பத்து வருடம் கூடவே வாழ்ந்தவருக்குத் தொங்கும் கதவும் பழகிப்போயிருக்கும். அதனால் இடத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். தங்கை இப்படி எழுதினாள்: "சார், நாலு போட்டோ வேணும். தரையை ஒட்டின கீழ் விளிம்பு, பின்பக்கப் பலகை, கதவைத் திறந்து வெச்சுக் கீல், அப்புறம் கதவோட மேல் விளிம்பு."

கதவின் மேல் விளிம்பில்தான் தேக்குச் சாயம் வெளுக்கும். அந்த இடத்தை யாரும் மெருகேற்றுவதில்லை. முழு மரமென்றால் முகப்பில் ஓடும் ரேகை விளிம்பிலும் மரமாகவே தொடரும். வெனீர் அல்லது மைக்கா ஒட்டிய பலகையென்றால், விளிம்பில் ஒட்டிய பட்டையும் அது சேரும் கோடும் தெரியும். தட்டு தாங்கும் ஆணிக்காக உள்ளே போட்ட துளைகளையும் கிட்டத்தில் எடுக்கச் சொல்லலாம். துளைக்குள் ரவை போலப் பொடிந்த துகள்கள் இருந்தால் அது பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரச்சில்லைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை.

பார்ட்டிகிள் போர்டு என்பதாலேயே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு இரண்டு எதிரிகள். ஒன்று தண்ணீர். தினமும் மாப் போடும் வீட்டில் ஈரம் கீழ் விளிம்பு வழியாக ஏறும். பலகை ஊறிய ரஸ்க் போல உப்பும். காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது, உள்ளே பசை விட்டுப்போயிருக்கும். வீடு தரைத்தளமா என்றும் கேளுங்கள். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் பல தரைத்தள வீடுகளுக்குள் வெள்ளம் வந்தது. பின்பக்கப் பலகையில் ஒரே மட்டத்தில் படுக்கையாக ஓடும் கறை அதைச் சொல்லிவிடும்.

இன்னொரு எதிரி ஸ்க்ரூவைக் கழற்றுவது. ஒருமுறை கழற்றிய துளையில் அது முன்போலப் பிடிக்காது. அதனால்தான் கீல் படம். கீலுக்குப் பக்கத்தில் பழைய துளைகள் தெரிந்தால், அது ஏற்கெனவே ஒருமுறை பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது.

மர அலமாரியாக இருந்தால் கவலை வேறு: குண்டூசித் துளைகளும், அடியில் மாவு போல உதிர்ந்த தூளும். துளை மட்டும் இருந்தால் பூச்சி போயிருக்கலாம். துடைத்துவிட்டு, நான்கைந்து நாள் கழித்து அதே இடத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். புதுத் தூள் விழுந்திருந்தால் பூச்சி உள்ளேதான் இருக்கிறது.

அடுத்தது அளவு. "ஆறே முக்கால் அடி இருக்கும்" என்றார் விற்பவர். டேப்பை வைத்துப் படம் எடுக்கச் சொன்னோம். உயரம் 81 அங்குலம், ஆழம் 24. தங்கை வீட்டுப் படுக்கையறையில் பரண் 84 அங்குலத்தில் இருக்கிறது. மூன்று அங்குலம் மிச்சம் என்று சந்தோஷப்பட்டாள். ஆனால் படுக்க வைத்துக் கொண்டுவந்த அலமாரியை நிமிர்த்தும்போது அதன் மூலைவிட்டம்தான் மேலே சுழலும். 81-ஐயும் 24-ஐயும் வைத்துக் கணக்குப் போட்டால் 84 அரை அங்குலம். பரணுக்கு அடியில் நிமிர்த்தினால் இடிக்கும். அறையின் நடுவில் நிமிர்த்தித் தள்ளத்தான் வேண்டும். அதற்குக் கட்டிலை வெளியே எடுக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மேல்பட்டை, கைப்பிடி எல்லாம் சேர்த்து அளந்தாரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பக்கம் வாசல் அகலத்தைச் சட்டத்துக்கு உள்ளே அளக்க வேண்டும். கதவு முழுதாகத் திறக்காவிட்டால் அதன் தடிமனையும் கழியுங்கள். மாடிப்படித் திருப்பம், லிஃப்ட் வாசல் இரண்டையும் விடக்கூடாது.

பொருளின் மேல் ஒரு நீலக் கைக்குட்டையைப் போட்டு எடுக்கச் சொன்னதுதான் கடைசிக் கேள்வி. கொஞ்சம் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். ஆனால் வேறு யாருடைய படத்தையோ எடுத்துப்போட்டு முன்பணம் கேட்கிறவரால் அந்தப் படத்தைச் சுலபமாக அனுப்ப முடியாது. நேரில் பார்க்கும்வரை பணம் அனுப்பாமல் இருப்பது அதைவிட நல்லது.

அவர் நல்ல மனிதர். கேட்ட படம் எல்லாம் அனுப்பினார். இடதுபக்கப் பலகையில் தரையிலிருந்து மூன்று அங்குலத்துக்கு வீக்கம், மைக்கா உதடு பிரிந்திருந்தது. "மாப் தண்ணி கொஞ்சம் பட்டிருக்கும்மா. நானே இப்பத்தான் பாக்குறேன்" என்றார். 6,000-க்குத் தருகிறேன் என்றார். பிரித்து ஏற்றும் கூலி, ஆசாரிச் செலவு, தளர்ந்த ஸ்க்ரூத் துளைகள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துத் தங்கை வேண்டாம் என்றாள்.

மறுநாளும் அந்த விளம்பரம் இருந்தது. "தேக்கு" என்ற சொல்லை மட்டும் எடுத்திருந்தார்.