எட்டுப் பக்கக் கோப்பில் பன்னிரண்டாம் பக்கம்



சில மாதம் முன்னாடி ஒரு வியாழக்கிழமை மாலை, நம் கூட்டமைப்பு அலுவலக வாட்ஸ்அப்புக்கு ஒரு குழுவின் ஊக்குநர் அக்கா ஒரு பிடிஎஃப் கோப்பு அனுப்பியிருந்தார். கூடவே ஒரு செய்தி: "பேங்க் கடன் ஒப்பந்தம் இது. 12-ஆம் பக்கத்துல இருக்கிறதைச் சுருக்கி நாலு வரி எழுதிக் கொடுங்க. நாளைக்குக் கூட்டத்துல படிச்சுக் காட்டி, தீர்மான நோட்டுல எழுதிக் கையெழுத்து வாங்கணும். மேனேஜர் சார் அந்தப் பக்கத்தை எல்லாருக்கும் புரிய வச்சுட்டு வரச் சொன்னார்."

குழுவில் 14 பேர். கடன் 6 லட்சம். கோப்பைத் திறந்தோம். மேலே 1/8 என்று வந்தது. மொத்தமே எட்டுப் பக்கம்தான். பன்னிரண்டாம் பக்கத்துக்கு எங்கே போவது?

இந்த மாதிரி நேரத்தில் இரண்டு தப்பு நடக்கிறது. ஒன்று, "பக்கம் இல்லை" என்று ஒரே வரியில் சொல்லிக் கோப்பை மூடிவிடுவது. இன்னொன்று அதைவிட மோசம்: இருக்கிற பக்கங்களைப் பார்த்து, "இதுதான் இருக்கும்" என்று ஊகித்து எழுதிக் கொடுத்துவிடுவது. அன்றைக்கு நாங்கள் இரண்டாவது தப்பைச் செய்யும் அளவுக்கு வந்துவிட்டோம். அதை மறைக்காமல் சொல்கிறோம்.

கோப்பின் ஆறாவது பக்கத்தில் கடைசித் தலைப்பு "தவணை தவறினால்" என்று இருந்தது. அதன் கீழே ஒன்றரை வரி, அதோடு பக்கம் முடிந்துவிட்டது. அதைப் பார்த்ததும் எங்கள் கணக்காளர் தங்கச்சி, "அக்கா, இது எனக்குத் தெரியுமே. போன கடன்லயும் இதுதான் இருந்துச்சு. தவணை தவறினா 2 சதவீதம் அபராத வட்டி, அதையும் அசலோட சேர்த்துடுவாங்க" என்று சொல்லி எழுதவும் ஆரம்பித்துவிட்டார். நேரம் ஆறு மணி. நாளைக்குக் காலையில் கூட்டம். எழுதி அனுப்பியிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

நிறுத்தியது ஒரு சின்ன விஷயம். அடுத்த பக்கம் எப்படி ஆரம்பிக்கிறது என்று தள்ளிப் பார்த்தோம். "நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்" என்று ஒரு வாக்கியத்தின் வால் மட்டும் இருந்தது. முந்தைய பக்கத்தின் கடைசி வரியோடு அது ஒட்டவே இல்லை. நடுவில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

அப்புறம்தான் தாளின் அடியில் அச்சடித்த எண்ணைப் பார்த்தோம். கோப்பின் முதல் பக்கத்தில் 1. இரண்டாவதில் 3. மூன்றாவதில் 5. ஆறாவதில் 11, ஏழாவதில் 13, எட்டாவதில் 15. எல்லாமே ஒற்றைப்படை! ஒப்பந்தம் எட்டுத் தாள், இரண்டு பக்கமும் அச்சடித்தது. ஸ்கேன் எடுத்தவர் முன்பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்பாமல் விட்டிருக்கிறார். அந்த அக்கா கேட்ட பன்னிரண்டாம் பக்கம் பதினொன்றாம் பக்கத்தின் முதுகில் இருக்கிறது. கேட்டது ஒரு பக்கம்தான். ஆனால் கோப்பில் இல்லாதது 2, 4, 6 என்று மொத்தம் எட்டுப் பக்கம். உறுப்பினர்கள் கையெழுத்துப் போடும் 16-ஆம் பக்கமும் அதில் ஒன்று.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். செல்போன் காட்டும் எண் வேறு, தாளில் அச்சடித்த எண் வேறு. செல்போன் கோப்பில் எத்தனை படம் இருக்கிறது என்று மட்டும்தான் எண்ணும். அதனால் 1/8 என்று வந்தாலே பன்னிரண்டாம் பக்கம் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. பெரிய ஒப்பந்தத்தை இரண்டு கோப்பாகப் பிரித்து அனுப்புவார்கள். இரண்டாவது கோப்பு அச்சு எண் 7-இல் ஆரம்பித்து 14-இல் முடிந்தால் அதுவும் எட்டுப் பக்கம்தான். அப்போது பன்னிரண்டாம் பக்கம் அந்தக் கோப்பிலேயே ஆறாவதாக இருக்கும். எண்கள் 4-க்கு அப்புறம் 7 என்று தாவினால், தாள் ஒட்டிக்கொண்டு ஒரு தாள் ஸ்கேனில் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு மாதிரியும் எங்களுக்கு நடந்திருக்கிறது. பேங்கில் ஆங்கிலப் பிரதியைப் பார்த்துப் பக்க எண் சொல்லியிருப்பார்கள், நம் கையில் தமிழ்ப் பிரதி இருக்கும். இரண்டிலும் விஷயம் ஒன்று, பக்கக் கணக்கு வேறு. அப்போது பக்க எண்ணை விட்டுவிட்டு, "எந்தத் தலைப்பு, எத்தனையாவது நிபந்தனை?" என்று கேட்டால் கிடைத்துவிடும்.

அன்று இரவு அந்த அக்காவுக்கு நாங்கள் அனுப்பிய பதில் இது: "அக்கா, நீங்க அனுப்பினதுல எட்டுப் பக்கம் இருக்கு. அடியில 1, 3, 5 என்று 15 வரை ஒற்றைப்படை எண்தான் வருது. பின்பக்கம் எதுவும் வரலை. 12-ஆம் பக்கம் 11-ஆம் பக்கத்தோட பின்னாடி இருக்கும். எட்டுத் தாளோட பின்பக்கத்தையும் எடுத்து அனுப்புங்க. அதைப் பார்க்காம 12-ஆம் பக்கத்துல என்ன இருக்குன்னு எங்களால சொல்ல முடியாது. 11-ஆம் பக்கத்துல இருக்கிறதை வேணும்னா இப்பவே எழுதித் தர்றோம்."

அவருக்குக் கொஞ்சம் கோபம்தான். "அவசரம்னு சொன்னேனே" என்றார். ஒப்பந்தம் பொருளாளர் வீட்டுப் பெட்டியில் இருந்தது. அவர் வெளியூர் போயிருந்தார். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் தீர்மானத்தை எழுதாமல் தள்ளி வைத்தார்கள். சனிக்கிழமை பின்பக்கங்கள் வந்தன.

பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது எங்கள் கணக்காளர் சொன்னது இல்லை. அபராத வட்டி என்ற பேச்சே அதில் கிடையாது. தவறிய தவணைத் தொகைக்கு மட்டும் அபராதக் கட்டணம், அந்தக் கட்டணத்துக்கு மேல் வட்டி போட மாட்டார்கள் என்று இருந்தது. காரணம், 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதை மாற்றிவிட்டது. தவணை தவறியதற்காக வட்டி விகிதத்தைக் கூட்டக் கூடாது, கட்டணமாகத்தான் வாங்க வேண்டும், அதை அசலோடு சேர்த்து வட்டி கணக்குப் பார்க்கக் கூடாது என்பது விதி. புதுக் கடன்களுக்கு 2024 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. கணக்காளர் நினைவில் இருந்தது அதற்கு முந்தைய கடன். அவர் சொன்னது அந்தக் கடனுக்குச் சரிதான், இந்தக் கடனுக்குத் தப்பு. எழுதிக் கொடுத்திருந்தால் 14 பேரும் ஒப்பந்தத்தில் இல்லாத ஒன்றைத் தீர்மானமாக ஏற்றுக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். பின்னாடி ஒரு உறுப்பினர் தவணை தவறினால், குழுவே அவரிடம் இல்லாத வட்டியை வசூலித்திருக்கும். அவரும் நோட்டைக் காட்டினால் கட்டித்தானே ஆக வேண்டும்?

இப்போது எந்தக் குழு ஒப்பந்தம் அனுப்பினாலும் முதலில் தாளை எண்ணச் சொல்கிறோம். எட்டுத் தாள் என்றால் கோப்பில் 16 வர வேண்டும். பின்பக்கம் வெற்றாக இருந்தாலும் அதையும் எடுக்கச் சொல்கிறோம். இல்லாவிட்டால் வெற்றாக இருந்ததா, விட்டுப்போனதா என்று எங்களுக்குத் தெரியாது. "வெத்துத் தாளை எதுக்குங்க போட்டோ எடுக்கணும்?" என்று சிரிக்கிறார்கள், ஆனாலும் எடுத்து அனுப்புகிறார்கள்.

அந்தக் குழு அடுத்த வாரக் கூட்டத்தில் தீர்மானம் எழுதியது. நாலு வரிதான். முதல் வரியில் "ஒப்பந்தம் 16 பக்கம், 12-ஆம் பக்கம் படித்துக் காட்டப்பட்டது" என்று ஊக்குநர் அக்காவே தன் கையால் எழுதியிருந்தார்.