வட்டத்துக்குள் இருந்தும் எட்டாத வீடு

ஒரு முகவரி கடையின் டெலிவரி எல்லைக்குள் வருகிறதா என்பதை இரண்டு விதமாக அளக்கலாம். வரைபடத்தில் கடைக்கும் வீட்டுக்கும் இடையே அளவுகோல் வைத்தால் கிடைப்பது நேர்க்கோட்டுத் தூரம். வண்டி ஓட வேண்டிய தெருக்களின் நீளத்தைக் கூட்டினால் கிடைப்பது சாலைத் தூரம். "3 கிலோமீட்டருக்குள் டெலிவரி உண்டு" என்று மட்டும் எழுதி, எந்தத் தூரம் என்று சொல்லாமல் விட்டால், கடைக்கும் வாடிக்கையாளருக்கும் வாக்குவாதம் நிச்சயம்.

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் இந்த வேறுபாட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலும் ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலும் சிராங்கூன் சாலையில்தான் இருக்கின்றன. இடையே ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அம்மன் கோயிலிலிருந்து பெருமாள் கோயிலுக்குப் புறப்படும் வண்டிக்குச் சாலைத் தூரமும் நேர்க்கோட்டுத் தூரமும் ஏறக்குறைய ஒன்றுதான். திரும்பி வரும்போது கணக்கு மாறிவிடுகிறது. சிராங்கூன் சாலையின் இந்தப் பகுதி ஒருவழிப் பாதை. அருகிலுள்ள ஜாலான் புசார் சாலையில் வண்டிகள் எதிர்த்திசையில் ஓடுகின்றன. வந்த வழியே திரும்ப முடியாத வண்டி வேறு சாலைக்குச் சுற்றிப் போய்த்தான் அம்மன் கோயிலை அடைய முடியும். ஆகவே சாலைத் தூரம் திசையைப் பொறுத்தது. டெலிவரிக்கு அளக்க வேண்டியது கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் திசையில்தான். மாற்றி அளந்தால் விடை பிழையாகலாம்.

சிங்கப்பூரில் நேர்க்கோட்டுத் தூரத்தைக் கணக்கிடுவது எளிது. இங்கே ஆறு இலக்க அஞ்சல் குறியீடு பெரும்பாலும் ஒரே கட்டடத்தைக் குறிக்கும். அதை நில ஆணையத்தின் ‘ஒன்மேப்’ வரைபடத்தில் தேடினால் அந்த இடத்தின் X, Y எண்கள் கிடைக்கும். அவை மீட்டரில் உள்ளவை. கடைக்கும் வீட்டுக்கும் X 340 மீட்டரும் Y 620 மீட்டரும் வேறுபடுவதாக வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால் 5,00,000. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 707 மீட்டர். தெருக்கள் இந்த X, Y திசைகளிலேயே கட்டம் கட்டமாக ஓடினால், வண்டி 340-ஐயும் 620-ஐயும் முழுதாகக் கடந்து 960 மீட்டர் ஓட வேண்டும். இத்தகைய கட்ட அமைப்பில் சாலைத் தூரம் நேர்க்கோட்டைவிடச் சராசரியாக 1.27 மடங்கு இருக்கும், அதிகபட்சம் ஏறத்தாழ 1.41 மடங்கு. ஒருவழிப் பாதை, கால்வாய், விரைவுச்சாலை ஆகியவை குறுக்கிட்டால் இந்த வரம்பு உடைந்துவிடும்.

கடல் குறுக்கிட்டால் கேட்கவே வேண்டாம். உட்லண்ட்ஸில் உள்ள கடையைச் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டம் போட்டால் ஜொகூர் பாருவின் ஒரு பகுதி உள்ளே வந்துவிடும். அங்கே போக ஒரு கிலோமீட்டர் நீளக் கடற்பாலத்தையும் இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனைகளையும் கடக்க வேண்டும். சாங்கி வில்லேஜிலிருந்து போடும் வட்டத்தில் புலாவ் உபின் விழும். அந்தத் தீவுக்குப் படகில்தான் போக முடியும்.

அதற்காக நேர்க்கோட்டைத் தள்ளிவிடக் கூடாது. சாலைத் தூரம் ஒருபோதும் நேர்க்கோட்டைவிடக் குறைவாக இருக்க முடியாது. எனவே எல்லை 3 கிலோமீட்டர் சாலைத் தூரம் என்றால், நேர்க்கோட்டிலேயே 3-ஐத் தாண்டும் முகவரியை மேலும் விசாரிக்காமல் மறுத்துவிடலாம். வட்டத்துக்குள் வரும் முகவரிக்கு மட்டும் சாலை வழியைக் கேட்டுப் பார்த்தால் போதும். மறுப்பதற்கு நேர்க்கோடு போதும். ஏற்பதற்குச் சாலைத் தூரம் வேண்டும்.

சாலை வழியைக் கேட்கும்போதும் இரண்டு இடங்களில் பிழை நேர்கிறது. அஞ்சல் குறியீடு தரும் புள்ளி கட்டடத்துக்கு உரியது. வாசலைக் காட்டுவதாகச் சொல்ல முடியாது. பெரிய கொண்டோமினியத்தில் புள்ளிக்கு மிக அருகிலுள்ள சாலை பின்சுவரை ஒட்டி ஓடலாம். வாகனங்கள் நுழையும் வாயில் மறுபக்கம் இருக்கலாம். வரைபடம் காட்டும் வழி சுவரருகே முடிந்தால் இந்தப் பிழைதான் காரணம். இன்னொன்று, எந்த வண்டி என்பது. சைக்கிள் விரைவுச்சாலையில் போக முடியாது. மோட்டார் சைக்கிள் பூங்கா இணைப்புப் பாதையில் போக முடியாது. ஒரே வீடு ஒரு வண்டிக்கு எல்லைக்குள்ளும் இன்னொரு வண்டிக்கு வெளியேயும் அமையலாம்.

தொடக்கநிலை ஒன்றுக்குப் பிள்ளையைப் பதிந்த பெற்றோருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அங்கே ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் எல்லைகளை நேர்க்கோட்டிலேயே அளக்கிறார்கள். 2022 பதிவு முதல் பள்ளியின் நில எல்லையிலிருந்து அளக்கிறார்கள். பிள்ளை எந்தத் தெருவில் நடந்து போகிறது என்பது அங்கே கணக்கில் இல்லை. விதி எங்கிருந்து, எப்படி என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுவதால் யாரும் அதைச் சரிபார்க்க முடிகிறது. கடைக்காரர்களும் அறிவிப்பில் ஒரு வரி கூடுதலாக எழுத வேண்டும்: "கடையிலிருந்து உங்கள் வாயில் வரை, மோட்டார் சைக்கிள் செல்லும் சாலை வழியாக 3 கிலோமீட்டர்."